நூறு ஃபீல்டில் எத்தனை?
காசநோய்ச் சளி ஸ்லைடையும் அதன் படத்தையும் தரமிடுவது குறித்து ஓர் ஆய்வு

சளிப் பரிசோதனை நடக்கும் எந்த அரசு ஆய்வகத்திலும் ஒரு பதிவேடு இருக்கும். நெகட்டிவ் முடிவுகளை நீல மையிலோ கறுப்பு மையிலோ எழுதுவார்கள். பாசிட்டிவ் என்றால் சிவப்பு மை. அந்தச் சிவப்பு வரிகளில் சில '3+' என்றும் சில '1+' என்றும் இருக்கும். இடையிடையே 'ஸ்கேன்ட்டி 4' என்று ஒரு வரி வரும். 3+ என்ற நோயாளியைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வராது. வாக்குவாதம், மறுபரிசோதனை, மேற்பார்வையாளரின் கேள்வி எல்லாம் இந்த 'ஸ்கேன்ட்டி 4'ஐச் சுற்றியே வரும்.

அந்த 4 எதை எண்ணிக் கிடைத்தது? எத்தனை இடத்தில் தேடிய பிறகு கிடைத்தது? அதே ஸ்லைடை இன்னொருவர் பார்த்தால் 4 கிடைக்குமா, 0 கிடைக்குமா? கண்ணுக்குப் பதில் கேமராவும் கணினியும் பார்த்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கான விடையைத் தொடர்ந்து போனால் சளிப் பரிசோதனையின் முழுக் கணக்கும் வெளிப்பட்டுவிடும். இக்கட்டுரை அந்த வழியில் போகிறது.

சிவப்பு ஒட்டுவது எப்படி

ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24 அன்று. அவர் பயன்படுத்திய சாயமுறை கடினமானது. அதே ஆண்டிலேயே பால் எர்லிக் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: இந்தக் கிருமியில் ஒரு முறை சாயம் ஏறிவிட்டால் அமிலம் ஊற்றினாலும் இறங்குவதில்லை. ஸீல், நீல்சன் என்ற இரு ஜெர்மானியர்கள் அந்த முறையை அடுத்தடுத்துத் திருத்தினார்கள். இன்றும் உலகெங்கும் சளி ஸ்லைடுக்குப் போடும் சாயம் அவர்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது.

கிருமியின் சுவரில் மைக்காலிக் அமிலம் என்ற மெழுகுத்தன்மை கொண்ட நீண்ட கொழுப்பு அமிலம் அடர்ந்திருக்கிறது. கார்பால் ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, அடியிலிருந்து சுடர் காட்டி ஆவி எழும்வரை சூடாக்கினால் அந்த மெழுகுச் சுவருக்குள் சாயம் புகும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டுக் கழுவ வேண்டும். பிறகு 25 சதவீத கந்தக அமிலத்தை இரண்டு முதல் நான்கு நிமிடம் விட்டால் மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு இறங்கிவிடும். காசநோய்க் கிருமியிலும் அதன் உறவுக் கிருமிகளிலும் மட்டும் தங்கும். கடைசியாக அரை நிமிடம் மெத்திலீன் புளூ. இப்போது நீலப் பின்னணியில், சீழ் செல்களுக்கு நடுவே, மெல்லிய சிவப்புக் கோல்கள் தெரியும். நீளம் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மைக்ரான். தடிமன் அரை மைக்ரானுக்கும் குறைவு.

இந்தப் படிகள் ஒவ்வொன்றும் பின்னால் எடுக்கப்போகும் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. சூடு போதாவிட்டால் கிருமி வெளிறிய இளஞ்சிவப்பாக நிற்கும். அமிலம் குறைந்தால் பின்னணி முழுவதும் சிவந்து கிடக்கும். மெத்திலீன் புளூ அதிக நேரம் நின்றால் நீலம் கிருமியையே மூடிவிடும். பூச்சு தடித்தாலும் இதே கதிதான். அதைக் கண்டுபிடிக்க ஆய்வகங்களில் ஓர் எளிய சோதனை இருக்கிறது. துடைப்பக்குச்சியால் சளியைத் தேய்த்துக் காயவைத்த பிறகு, சாயம் போடுவதற்கு முன்னால், ஸ்லைடைச் செய்தித்தாளுக்குச் சில சென்டிமீட்டர் மேலே பிடித்துப் பார்ப்பார்கள். பூச்சின் வழியே எழுத்தைப் படிக்க முடிந்தால் தடிமன் சரி. படிக்க முடியாவிட்டால் புதிதாக இன்னொரு ஸ்லைடு போட வேண்டும். அந்தப் பரிசோதனையில் தோற்ற ஸ்லைடை எந்த உயர்தரக் கேமராவாலும் மீட்க முடியாது.

அளவுகோலில் மறைந்திருக்கும் வகுத்தல்

எண்ணிக்கையைத் தரமாக மாற்றும் முயற்சி சாயத்தைப் போலவே பழையது. காக்கின் உதவியாளராக இருந்த காஃப்கியின் பெயரில் 1 முதல் 10 வரை நீளும் ஒரு அளவுகோல் இருந்தது. ஜப்பானில் அது நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பத்துப் படிகளைப் பிரித்தறிவது நடைமுறையில் சிரமம். இப்போது உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசக் காசநோய்ச் சங்கமும் வகுத்த அளவுகோலே பொதுவாகிவிட்டது. இந்தியாவின் தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டமும் அதையே பின்பற்றுகிறது.

நூறு மடங்கு பெருக்கும் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில், பத்து மடங்கு கண்லென்ஸ் வழியே, நூறு ஃபீல்டு பார்த்தும் ஒரு கிருமிகூட இல்லை என்றால் நெகட்டிவ். நூறு ஃபீல்டில் 1 முதல் 9 வரை கிடைத்தால் ஸ்கேன்ட்டி. எத்தனை என்ற எண்ணையும் சேர்த்தே எழுத வேண்டும். நூறு ஃபீல்டில் 10 முதல் 99 வரை என்றால் 1+. ஒரு ஃபீல்டுக்கே 1 முதல் 10 வரை இருந்தால் 2+. இதற்கு 50 ஃபீல்டு பார்த்தால் போதும். ஒரு ஃபீல்டுக்குப் பத்துக்கு மேல் என்றால் 3+. 20 ஃபீல்டு போதும்.

படிக்குப் படி கிருமிகள் சுமார் பத்து மடங்கு பெருகுவதைக் கவனிக்கலாம். ஆகவே 1+ என்று பதிவான இருவரில் ஒருவருக்குக் கிருமி மற்றவரைப் போல ஏழெட்டு மடங்கு இருக்கலாம். இந்த அளவுகோலுக்கு நுட்பமான எண் தேவையில்லை. மேல் படிகளில் பத்துப் பதினைந்து கிருமியை விட்டுவிட்டாலும் தரம் பெரும்பாலும் மாறாது. கீழே, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில், ஒரே ஒரு கிருமி முடிவையே புரட்டிவிடும்.

அந்த 'நூறு ஃபீல்டு' எங்கிருந்து வந்தது? ஆயில் லென்ஸில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர். பூச்சில் இரண்டு சென்டிமீட்டர் தூரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நேராகக் கடந்தால், ஒன்றையொன்று ஒட்டிய நூறு வட்டங்கள் கிடைக்கும். அதாவது ஒரு வரிசை. டெக்னீஷியன் நூறு வரை எண்ணினாலும் சரி, ஒரு வரிசையை முழுதாகக் கடந்தாலும் சரி, பார்த்த பரப்பு ஒன்றுதான்.

ஆரமின் சாயம் போட்டு எல்.இ.டி. ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கும்போது இது இன்னும் தெளிவாகும். 2011இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இந்த முறையில் கறுப்புப் பின்னணியில் கிருமிகள் மஞ்சள் பச்சையாக மின்னும். சிறிய பெருக்கத்திலேயே தெரிவதால் ஒரு ஃபீல்டு பெரிதாக இருக்கும். 400 மடங்குப் பெருக்கத்தில் ஒரு வரிசைக்கு 40 ஃபீல்டுதான். அங்கே 1 முதல் 19 வரை கிடைத்தால் ஸ்கேன்ட்டி. ஸீல்-நீல்சன் ஸ்லைடில் 12 கிருமி என்றால் 1+. ஒளிர்வு ஸ்லைடில் அதே 12 ஸ்கேன்ட்டி. எண்ணைப் பார்த்த பரப்பால் வகுத்துத்தான் தரம் கிடைக்கிறது. இதை மறந்த இடத்தில்தான் படங்களைத் தரமிடும் முயற்சிகள் பல வழுக்குகின்றன.

கிடைக்கவும் கிடைக்காமல் போகவும்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் சளியில் பத்தாயிரம் கிருமிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு ஸ்லைடில் பூசுவது ஏறக்குறைய 0.01 மில்லிலிட்டர் சளி. எனவே ஸ்லைடு முழுவதிலும் இருப்பது நூறு கிருமிகள். இரண்டு சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம் உள்ள பூச்சில், சிறிய வட்டமாகப் பார்த்தால், சுமார் பத்தாயிரம் ஃபீல்டுகள் இருக்கும். நூறு கிருமிகள் பத்தாயிரம் ஃபீல்டில் பரவியிருந்தால், நூறு ஃபீல்டுக்குச் சராசரி ஒன்று.

சராசரி ஒன்று என்றால் நூறு ஃபீல்டு பார்ப்பவருக்கு ஒன்று கட்டாயம் கிடைக்கும் என்று பொருளாகாது. மழைத்துளி விழுவதுபோலச் சிதறிக் கிடப்பவற்றில் சில வரிசைகளில் இரண்டு மூன்று சிக்கும், சிலவற்றில் ஒன்றும் சிக்காது. நிகழ்தகவுக் கணக்குப்படி, சராசரி ஒன்றாக இருக்கும்போது ஒரு வரிசையில் ஒன்றுமே கிடைக்காமல் போக 37 சதவீதம் வாய்ப்பு உண்டு. சளியில் கிருமி பாதியாக, அதாவது மில்லிலிட்டருக்கு ஐந்தாயிரமாக இருந்தால், ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 61 சதவீதமாக உயரும். சளி ஸ்லைடில் கிருமி தெரிய மில்லிலிட்டருக்கு ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை வேண்டும் என்று பாடநூல்கள் சொல்லும் எல்லை இந்த இடத்திலிருந்துதான் வருகிறது. வளர்ப்புச் சோதனைக்குப் பத்து முதல் நூறு கிருமிகள் இருந்தாலே போதும்.

கூடுதலாகத் தேடினால் இந்த இழப்பு குறையும். அதே ஸ்லைடில் மூன்று வரிசை, முந்நூறு ஃபீல்டு பார்த்தால், ஒன்றும் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 5 சதவீதமாகச் சுருங்கும். ஆனால் நூறு ஃபீல்டைக் கவனமாகப் பார்க்கவே ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளில் இருபது, இருபத்தைந்து ஸ்லைடுக்கு மேல் பார்த்தால் கண்ணும் மனமும் சோர்ந்துவிடும் என்பது இத்துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பு. மூன்று வரிசை பார்க்கும் பொறுமையை மனிதரிடம் எதிர்பார்க்க முடியாது. இயந்திரம் உண்மையில் கைகொடுக்கக்கூடிய இடம் இதுதான். அதற்கு முன்னால் மனிதர் செய்யும் தவறுகளைப் பார்த்துவிடுவோம்.

கண்ணை ஏமாற்றுபவை

வடிகட்டாத கார்பால் ஃபுக்சினில் சாயப் படிகங்கள் மிதக்கும். அவை ஸ்லைடில் உட்கார்ந்தால் சிவப்பாக, நீளமாக, கிருமியைப் போலவே தோன்றும். பழகிய டெக்னீஷியன் நுண்குவியத் திருகை மெல்ல அசைத்துப் பார்ப்பார். கிருமி சீழ் செல்களோடு ஒரே தளத்தில் தெளிவாகி, ஒரே தளத்தில் மங்கும். படிகம் அவற்றுக்கு மேலே வேறொரு தளத்தில் நிற்கும், விளிம்பு பளபளக்கும். கண்ணாடிக் கீறலில் தேங்கிய சாயம் நேர்கோடாக இருக்கும். கிருமிக்கோ லேசான வளைவும் மணி கோத்தாற்போன்ற திட்டுகளும் உண்டு.

வேறு சில ஏமாற்றங்கள் கண்ணால் தீராதவை. குழாய்த் தண்ணீரில் வாழும் வேறு வகை மைக்கோபாக்டீரியாக்களும் அமிலத்துக்கு அசையாதவை. கழுவும் நீரிலிருந்து ஸ்லைடில் ஒட்டினால் உருவத்தில் வேறுபாடு காண முடியாது. ஒரு 3+ ஸ்லைடிலிருந்து லென்ஸில் ஒட்டிய எண்ணெயோடு சில கிருமிகள் அடுத்த ஸ்லைடுக்குப் போகலாம். எண்ணெய் விடும் குச்சி பூச்சைத் தொட்டால் பாட்டில் முழுவதுமே கெட்டுவிடும். அதனால்தான் துளியை மேலிருந்து சொட்டவிட வேண்டும் என்பார்கள். கழுவித் திரும்பப் பயன்படுத்திய ஸ்லைடு முந்தைய நோயாளியின் கிருமியைப் புதியவர் பெயரில் ஏற்றிவிடும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்ணிக்கையில்தான் வரும். தவறான பாசிட்டிவ் குவிவதும் ஸ்கேன்ட்டி என்ற அதே மூலையில்தான். ஒரு மையத்தில் ஸ்கேன்ட்டி முடிவுகள் திடீரென்று கூடினால் மேற்பார்வையாளர் முதலில் சாயத்தையும் தண்ணீரையும் சோதிப்பார். ஸ்கேன்ட்டியே இல்லாமல் எல்லாம் 2+, 3+ ஆக வந்தால் வேறொரு சந்தேகம் எழும்: நூறு ஃபீல்டு பார்க்கப்படுகிறதா, இருபதோடு நிற்கிறதா?

மறுவாசிப்பு

ஒவ்வொரு மையத்திலும் ஸ்லைடுகளைப் பெட்டியில் வரிசையாகச் சேமித்து வைக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் எடுத்து, முதல் முடிவைச் சொல்லாமல் இன்னொருவரிடம் கொடுப்பார்கள். இருவரும் வேறுபட்டால் மூன்றாவது நபர் தீர்ப்புச் சொல்வார். இந்த ஏற்பாட்டின் அறிவு முழுவதும் தவறுகளை வகைப்படுத்தும் விதத்தில் இருக்கிறது. 1+ அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்லைடை நெகட்டிவ் என்றது பெரிய தவறு. நெகட்டிவை 1+ அல்லது மேலே என்றதும் பெரிய தவறு. ஸ்கேன்ட்டியை நெகட்டிவ் என்றதும் நெகட்டிவை ஸ்கேன்ட்டி என்றதும் சிறிய தவறு. 1+க்குப் பதில் 3+ என்று ஒரு படிக்கு மேல் விலகினாலும் சிறிய தவறுதான்.

நம்முடைய 'ஸ்கேன்ட்டி 4'ஐ இந்த வழியில் அனுப்பிப் பார்ப்போம். கற்பனையான எடுத்துக்காட்டுதான், ஆனால் தினமும் நடப்பது. டெக்னீஷியன் நடு வரிசையில் பார்த்தார். 14ஆம் ஃபீல்டில் ஒன்று, 15ஆம் ஃபீல்டில் ஒட்டிய இரண்டு, 62ஆம் ஃபீல்டில் ஒன்று. மொத்தம் நான்கு. மறுவாசிப்பவர் கொஞ்சம் கீழே இன்னொரு வரிசையில் பார்த்தார்; ஒன்றும் இல்லை. யார் தவறு செய்தார்?

உண்மையான சராசரி நூறு ஃபீல்டுக்கு நான்கு என்றால் ஒரு வரிசை வெறுமையாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. சராசரி உண்மையில் இரண்டாக இருந்து முதலாமவருக்கு அதிர்ஷ்டம் அடித்திருந்தால், இரண்டாமவருக்கு ஒன்றும் கிடைக்காத வாய்ப்பு 13 சதவீதத்தைத் தாண்டும். கிருமிகள் தனித்தனியாகச் சிதறாமல் கொத்தாக ஒட்டும் இயல்புடையவை என்பதால் வெறும் வரிசை கிடைக்கும் வாய்ப்பு இன்னும் கூடும். இருவருமே தவறு செய்யாமல் இப்படி நடக்கலாம். அதனால்தான் இதைச் சிறிய தவறு என்று வகைப்படுத்தி, ஒன்றிரண்டு வந்தால் யாரையும் குற்றம் சொல்லாமல், தொடர்ந்து வந்தால் மட்டும் காரணம் தேடுகிறார்கள். 1+ ஸ்லைடுக்கு இந்தச் சலுகை கிடையாது. சராசரி பத்தாக இருக்கும்போது ஒரு வரிசை வெறுமையாக இருக்க இருபதாயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. அங்கே நெகட்டிவ் என்று எழுதியவர் பார்க்கவில்லை, அல்லது பார்க்கும் நிலையில் ஸ்லைடு இல்லை.

வட்டம் செவ்வகமாகும்போது

ஸ்லைடைப் படமெடுத்துக் கணினியிடம் எண்ணச் சொல்லும் முயற்சி 1990களிலேயே தொடங்கிவிட்டது. முதலில் ஒளிர்வுப் படங்கள். கறுப்பில் மின்னும் கோடுகளைப் பிரிப்பது எளிது. பிறகு ஸீல்-நீல்சன் படங்களில் சிவப்பின் விகிதத்தை வைத்துப் புள்ளிகளைப் பிரித்து, நீள அகலத்தைக் கொண்டு கிருமியா என்று தீர்மானிக்கும் முறைகள் வந்தன. கடந்த பத்தாண்டுகளில் ஆழ்கற்றல் வலைகள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. வல்லுநர்கள் ஆயிரக்கணக்கான கிருமிகளைச் சுற்றிக் கட்டம் வரைந்து கொடுக்க, வலை தானே அடையாளங்களைக் கற்றுக்கொள்கிறது.

இங்கே முதல் சிக்கல் கேமராவின் கண் சிறியது என்பது. கண்லென்ஸில் தெரியும் 0.2 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு 0.031 சதுர மில்லிமீட்டர். வழக்கமான ஒரு சிறு கேமராவைப் பாதி அளவாகக் குறுக்கும் இணைப்பியோடு பொருத்தினால், படத்தில் விழும் செவ்வகம் 0.128க்கு 0.096 மில்லிமீட்டர், பரப்பு 0.012 சதுர மில்லிமீட்டர். ஒரு படம் ஒரு ஃபீல்டில் பாதிகூட இல்லை. நூறு ஃபீல்டின் பரப்பை நிரப்ப இந்தக் கேமராவில் ஏறக்குறைய 255 படங்கள் வேண்டும். 'நூறு படத்தில் ஒன்றும் இல்லை, நெகட்டிவ்' என்று இந்தக் கருவி சொன்னால், அது பார்த்தது உண்மையில் நாற்பது ஃபீல்டைத்தான். கேமரா மாறினால், இணைப்பி மாறினால், இந்த எண்ணும் மாறும். எனவே ஒவ்வொரு கருவிக்கும் அளவுக்கோடு பொறித்த ஸ்லைடை வைத்துப் படத்தின் பரப்பை அளந்த பிறகே அளவுகோலைப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆழம். ஆயில் லென்ஸ் தெளிவாகக் காட்டும் தளத்தின் தடிமன் ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். பூச்சோ அதைவிடத் தடித்தது. டெக்னீஷியனின் விரல் நுண்குவியத் திருகை விட்டு அகலாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு ஃபீல்டிலும் மேலும் கீழும் போய்வருகிறார். ஒற்றைப் படம் ஒரு தளத்தை மட்டுமே உறையவைக்கிறது. கொஞ்சம் கீழே கிடக்கும் கிருமி மங்கிய இளஞ்சிவப்புத் தீற்றலாகிவிடும். படிகத்தையும் கிருமியையும் பிரித்துக் காட்டும் 'வேறு தளம்' என்ற சான்றும் அந்தப் படத்தில் இருக்காது. ஒரே இடத்தில் மூன்று நான்கு தளங்களில் எடுத்துச் சேர்த்தால் இது தீரும். படங்களும் நேரமும் அதே மடங்கில் பெருகும்.

மூன்றாவது சிக்கல் வெளியே தெரியாதது. பயிற்சிக்கான படங்களைப் பெரும்பாலும் மனிதரே தேர்ந்தெடுத்து எடுக்கிறார். கிருமி இருக்கும் இடத்தில் நிறுத்தி, தெளிவாக்கி, சொடுக்குகிறார். அப்படிச் சேர்ந்த தொகுப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் கிருமி இருக்கும். உண்மையான ஸ்கேன்ட்டி ஸ்லைடிலோ 255 படத்தில் நான்கைந்தில் மட்டும்தான் இருக்கும். தேர்ந்தெடுத்த படங்களைக் கொண்டு கிருமியை அடையாளம் காணக் கற்பிக்கலாம். தரமிட முடியாது, ஏனென்றால் வகுக்க வேண்டிய பரப்பு அங்கே தொலைந்துவிட்டது. ஒரே ஸ்லைடின் படங்களில் சிலவற்றைப் பயிற்சிக்கும் சிலவற்றைத் தேர்வுக்கும் வைத்தால் முடிவு இன்னும் அழகாகத் தெரியும். அந்த ஸ்லைடின் சாயச் சாயலையே வலை மனப்பாடம் செய்திருக்கும். வேறு ஆய்வகத்தின் ஸ்லைடு வந்ததும் தடுமாறும்.

ஒரு பொய்ப்புள்ளியின் விலை

இந்த ஆய்வுகளில் பெரும்பாலும் தரும் எண், கிருமிகளில் எத்தனை சதவீதத்தை மென்பொருள் சரியாகக் கண்டுபிடித்தது என்பது. 95 சதவீதம் என்றால் கேட்க நன்றாக இருக்கும். தரமிடலுக்கு அதைவிட முக்கியமான எண் வேறு: கிருமியே இல்லாத ஒரு படத்தில் மென்பொருள் சராசரியாக எத்தனை பொய்ப்புள்ளிகளைக் காட்டுகிறது?

இருபது படத்துக்கு ஒரு பொய்ப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம். படத்தளவில் இது சிறந்த மென்பொருள். ஆனால் ஒரு ஸ்லைடுக்கு 255 படங்கள். ஆக, கிருமியே இல்லாத ஸ்லைடில் சராசரி 13 பொய்ப்புள்ளிகள். அளவுகோலில் 10 எட்டினாலே 1+. நலமாக இருக்கும் அத்தனை பேரையும் இந்த மென்பொருள் காசநோயாளி ஆக்கிவிடும். நெகட்டிவ் ஸ்லைடுகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் தவறாகப் பாசிட்டிவ் ஆகக் கூடாது என்று வைத்தால்கூட, ஏறக்குறைய ஐயாயிரம் படத்துக்கு ஒரு பொய்ப்புள்ளிக்கு மேல் வரக் கூடாது. ஐயாயிரம் படத்துக்கு ஒன்று என்பதை நிரூபிக்கக் கிருமியற்ற படங்கள் பல்லாயிரம் வேண்டும். கிருமியுள்ள படங்களாகத் தேர்ந்தெடுத்த தொகுப்பில் அவை கிடைக்காது.

மறுபக்கம், உண்மைக் கிருமியை விடுவதன் விலையும் படிக்குப் படி வேறு. 3+ ஸ்லைடில் பாதிக் கிருமியை விட்டாலும் நோயாளி பாசிட்டிவ்தான். கொத்தாகக் கிடப்பவற்றைப் பிரித்து எட்டா பத்தா என்று எண்ணும் நுட்பத்துக்கு ஆராய்ச்சியாளர்கள் நிறைய உழைக்கிறார்கள். அந்த ஸ்லைடின் தரத்தை அது பெரும்பாலும் மாற்றுவதில்லை. வெளிறிய ஒற்றைக் கிருமியை விட்டால் ஸ்கேன்ட்டி நெகட்டிவ் ஆகிவிடும். பயிற்சித் தொகுப்பில் அத்தகைய கிருமிகள்தான் மிகக் குறைவு, ஏனென்றால் கட்டம் வரைந்த வல்லுநர்களுக்கே அவற்றில் ஒருமித்த கருத்து வருவதில்லை.

நடைமுறையில் இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. தானியங்கி மேடை தேர்வு செய்யாமல் வரிசை வரிசையாக நகர்ந்து படமெடுக்கட்டும். மென்பொருள் தாராளமாகச் சந்தேகப்பட்டு இருபது முப்பது புள்ளிகளை வெட்டி ஒரே திரையில் அடுக்கட்டும். டெக்னீஷியன் அவற்றை மட்டும் பார்த்து, தேவைப்பட்டால் அந்த இடத்துக்கே லென்ஸைத் திருப்பிக் குவியத்தை அசைத்து, கிருமி எது, குப்பை எது என்று முடிவு செய்யட்டும். நமது ஸ்லைடில் மூன்று வரிசையும் இப்படி ஓடி, முப்பது சந்தேகப் புள்ளிகளில் ஏழு கிருமி என்று உறுதியானால், நூறு ஃபீல்டுக்கு இரண்டுக்குச் சற்று மேல் என்ற நம்பகமான விகிதம் கிடைக்கும். முதலாமவரின் நான்கும் மறுவாசிப்பவரின் பூஜ்யமும் ஒரே ஸ்லைடின் இரு வரிசைகள் என்பதும் விளங்கிவிடும். களைப்பு தரும் தேடலை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பு கண்ணிடம் இருக்கிறது. மறுவாசிப்புக்கு ஸ்லைடுப் பெட்டியைச் சுமந்து போகாமல் படத்தையே அனுப்பலாம் என்பது கூடுதல் லாபம்.

மூலக்கூறுச் சோதனை வந்த பிறகும்

இத்தனை பாடு எதற்கு, மரபணுச் சோதனைதான் வந்துவிட்டதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2010 முதல் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட்டைப் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் உருவான ட்ரூநாட்டும் 2020இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. சளி ஸ்லைடு தவறவிடும் பலரை அவை பிடிக்கின்றன. ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்றும் சொல்கின்றன. நோயை முதன்முறை கண்டறிய அவையே உகந்தவை. குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் சளியில் கிருமி குறைவாகவே இருக்கும் என்பதால், ஸ்லைடை மட்டும் நம்புவது அவர்களுக்கு அநீதி.

சிகிச்சை தொடங்கிய பிறகு நிலைமை வேறு. மருந்தில் செத்த கிருமியின் மரபணுவும் சளியில் வந்துகொண்டிருக்கும். மரபணுச் சோதனை அதையும் பாசிட்டிவ் என்றே காட்டும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க ஸ்லைடும் வளர்ப்புச் சோதனையும்தான் கைவசம் இருப்பவை. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளியை சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அங்கும் நோயாளியின் சளியைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். இன்று அதே நிறுவனம் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

தொடக்கத்தில் 3+ இருந்தவர் இரண்டாம் மாத முடிவில் 'ஸ்கேன்ட்டி 4' என்றால் கிருமி பல நூறு மடங்கு இறங்கியிருக்கிறது. வெறும் 'பாசிட்டிவ்' என்று எழுதினால் இந்தச் செய்தி போய்விடும். அந்த நான்கும் செத்த கிருமிகளாகக்கூட இருக்கலாம். சாயம் உயிருள்ளதையும் செத்ததையும் பிரித்துக் காட்டாது. அதை வளர்ப்புச் சோதனைதான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 1+ இருந்தவர் இரண்டாம் மாதம் 2+ ஆனால், மருந்து எதிர்ப்பையோ விடுபட்ட மாத்திரைகளையோ உடனே விசாரிக்க வேண்டும். தரம் இன்றும் உயிரோடு இருப்பது இந்தப் பயன்பாட்டில்தான்.

தீர்ப்பு

இதுவரை பார்த்தவற்றிலிருந்து ஒரு அளவுகோலைச் சொல்லலாம். சளிப் படத்தைத் தரமிடும் எந்தக் கருவியிடமும், எந்த ஆய்வுக் கட்டுரையிடமும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எவ்வளவு பரப்பைப் பார்த்தாய்? அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? கிருமியே இல்லாத முழு ஸ்லைடுகளைக் கொடுத்தபோது எத்தனை முறை பாசிட்டிவ் என்றாய்? இவற்றுக்கு விடை இல்லாத 99 சதவீதத் துல்லியம் படத்தைப் பற்றிய செய்தி. நோயாளியைப் பற்றியது ஆகாது. கருவி தரும் முடிவிலும் கிருமி எண்ணிக்கையோடு பார்த்த பரப்பு அச்சாக வேண்டும். ஒவ்வொரு கிருமியின் படமும் கூடவே இருக்க வேண்டும்.

பழைய பதிவேட்டுக்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நூறு ஃபீல்டு பார்க்காமல் நெகட்டிவ் எழுதாதே, ஸ்கேன்ட்டி என்றால் எண்ணைச் சேர்த்து எழுது என்ற இரண்டு விதிகளை அவர்கள் நெடுநாளாகக் கடைப்பிடித்து வருகிறார்கள். படமெடுக்கும் இயந்திரத்துக்கும் அந்த இரண்டு விதிகளே பொருந்தும்.